மகளிர் குழு ஊறுகாய்த் தொழில்: வேலை, கூலி, லாபப் பங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குழுவில் 12 பேர். ஆறேழு பேர்தான் வேலைக்கு வருவார்கள்போல. குழுவின் பேரிலேயே ஊறுகாய் போடலாமா, தனியாகப் பிரிந்துகொள்ள வேண்டுமா?

குழுவின் பேரிலேயே செய்யலாம், பிரிய வேண்டியதில்லை. ஆனால் பணத்தை மட்டும் முதல் நாளிலேயே பிரித்து வையுங்கள். வாராந்திரச் சேமிப்பும் உள்கடனும் ஓடுகிற கணக்கில் ஊறுகாய்ப் பணம் கலந்தால், மூன்றாவது மாதத்தில் எது சந்தா, எது மாங்காய்க் காசு என்று யாராலும் சொல்ல முடியாது. வங்கிக் கடன் தவணை நிற்கிற நிலை வந்தால், ஊறுகாய்ப் பக்கமே வராதவருக்கும் அடுத்த கடன் கிடைக்காது. சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அதனால் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, தொழிலுக்கென்று இரண்டாவதாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் வழக்கமாகக் கையெழுத்துப் போடுபவர்கள். ஊறுகாய் வேலையில் இருக்கும் இன்னொருவரையும் மூன்றாவதாகச் சேர்த்து, மூவரில் இருவர் கையெழுத்து என்று வைத்துக்கொண்டால் ஒருவர் ஊருக்குப் போனாலும் வேலை நிற்காது.

முதலை எல்லோரும் ஒரே அளவாகப் போடுவது நல்லது. இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: 12 பேர், ஆளுக்கு ₹1,500, மொத்தம் ₹18,000. வேலைக்கு வராதவரும் முதல் போடலாம், அவருக்கும் பங்கு உண்டு. எவ்வளவு என்பது கீழே வருகிறது.

வேலையை எப்படிப் பிரிப்பது? சுழற்சி முறையில் எல்லோரும் எல்லாம் செய்யலாமா?

காய் கழுவுவது, துடைப்பது, வெட்டுவது, பாட்டில் நிரப்புவது, லேபிள் ஒட்டுவது ஆகியவற்றைச் சுழற்சியில் விடலாம். சுழற்சியில் விடக்கூடாத வேலைகள் மூன்று.

முதலாவது, உப்பும் காரமும் எடை போட்டுக் கலப்பது. இது ஒரே கையில் இருக்க வேண்டும். அவர் தராசு வைத்து, நோட்டில் எழுதி, பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். "எனக்குக் கை அளவு தெரியும்" என்பவர் வீட்டு ஊறுகாய்க்கு அருமையான ஆள். கடைக்குப் போகும் ஊறுகாய்க்கு அவர் கையிலும் தராசைக் கொடுங்கள். போன மாதம் வாங்கிய அதே ருசியைத்தான் வாடிக்கையாளர் இந்த மாதமும் தேடுவார்.

இரண்டாவது, கணக்கு. மூன்றாவது, கொள்முதல். கணக்கு எழுதுபவரும் சாமான் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அவர்கள் மேல் சந்தேகம் என்பதற்காக இல்லை. ரசீது தொலைந்துபோனால் இன்னொருவர் கேள்வி கேட்கிற நிலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சந்தேகம் தானாக வந்து சேரும்.

விற்பனைக்கு இரண்டு பேர் போதும். நான்கு பேர் போனால் ஒரே கடைக்கு நான்கு விலை சொல்லப்படும்.

ஒரு ஈடு மாங்காய் ஊறுகாய்க்கு என்னென்ன வேண்டும், என்ன செலவாகும்?

60 கிலோ புளிப்பு மாங்காய் எடுத்துக்கொள்வோம். கொட்டை நீக்கி வெட்டினால் ஏறக்குறைய 40 கிலோ துண்டு நிற்கும். அதற்குக் கல்லுப்பு 6 கிலோ, மிளகாய்த் தூள் நாலரைக் கிலோ, மஞ்சள், வெந்தயம், கடுகு, பெருங்காயம் எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ, நல்லெண்ணெய் 12 லிட்டர். இதில் சிந்தியது, பாத்திரத்தில் ஒட்டியது போக 60 கிலோ ஊறுகாய் தேறும். 300 கிராம் பாட்டில் என்றால் 200 பாட்டில்.

காய் கெட்டியாக, உள்ளே கொட்டை முற்றியதாக இருக்க வேண்டும். பழுக்கத் தொடங்கிய காய் ஒன்றிரண்டு கலந்தாலும் அந்தத் துண்டுகள் குழைந்து மற்றதையும் கெடுக்கும். கழுவியபின் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் துளியும் இல்லை என்ற பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். துண்டுகளில் உப்பும் மஞ்சளும் பிசறி, உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் பீப்பாயிலோ ஜாடியிலோ மூன்று நாள் வைத்து, தினமும் உலர்ந்த கரண்டியால் அடி மேலாகக் கிளறிவிடுங்கள். அலுமினியம் ஆகாது. புளிப்பும் உப்பும் அதை அரிக்கும். பிறகு வறுத்துப் பொடித்த சாமான்களையும், காய்ச்சி நன்றாக ஆறவைத்த எண்ணெயையும் சேர்த்து, பத்து நாளாவது ஊறிய பின் பாட்டிலில் அடையுங்கள். துண்டுகள் முழுக்க மூழ்கி, மேலே எண்ணெய் நிற்க வேண்டும்.

செலவு இப்படி வைத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். மாங்காய் ₹2,400, எண்ணெய் ₹4,560, மிளகாய்த் தூள் ₹1,350, மற்ற மசாலா ₹550, உப்பு ₹90. பாட்டில், மூடி, லேபிள் ஒன்றுக்கு ₹16 வீதம் ₹3,200. கேஸ், வண்டி வாடகை, கரண்ட் ₹850. மொத்தம் ₹13,000.

கவனித்தீர்களா, மாங்காயைவிட எண்ணெய்க்குத்தான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மாங்காய் விலையைப் பேசிப் பேசிக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைப்பதைவிட, எண்ணெயை டின்னாக வாங்கினால் மிச்சம் அதிகம்.

எங்கள் வேலைக்கு நாங்களே கூலி எடுத்துக்கொள்ள வேண்டுமா? லாபத்தில் வந்துவிடும்தானே?

வராது. கூலி என்பது செலவு. மாங்காய்க்குக் கொடுப்பதுபோல வேலைக்கும் கொடுத்தாக வேண்டும். கூலியை எழுதாமல் விட்டால் இரண்டு தப்பு நடக்கும். பாட்டிலின் அடக்க விலை குறைவாகத் தெரியும், அதைப் பார்த்து விலையைக் குறைத்து வைப்பீர்கள். அப்புறம், பத்து மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து காய் வெட்டியவரும் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவரும் ஒரே தொகை வாங்குவார்கள். இரண்டாவது ஈட்டுக்கு வெட்டுகிறவர் வரமாட்டார்.

மணிக் கணக்கில் எழுதுங்கள். உங்கள் ஊரில் களையெடுப்புக்கு என்ன கூலியோ அதை ஒட்டி ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று தீர்மானம் போடலாம். நம் உதாரணத்தில் ₹50. மேலே சொன்ன ஈட்டுக்குக் கழுவி வெட்ட 30 மணி நேரம், பிசற, கிளற, கலக்க 10, அடைத்து லேபிள் ஒட்ட 10, கடைகளுக்குப் போய்வர 10. ஆக 60 மணி நேரம், ₹3,000. வந்த நேரத்தையும் போன நேரத்தையும் அன்றன்றே எழுதி, ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுகிற நோட்டுக்கு மதிப்பில்லை.

இப்போது மொத்தச் செலவு ₹16,000. பாட்டிலுக்கு ₹80.

என்ன விலை வைப்பது?

அடக்கம் ₹80 என்பது தரைமட்டம். கடைக்காரருக்கு லாபம் விட வேண்டும், உடைந்தது, மாதிரிக்குக் கொடுத்தது எல்லாம் விற்கிற விலைக்குள் வர வேண்டும். அதிகபட்ச சில்லறை விலை ₹140 என்று அச்சடித்து, கடைக்கு ₹110க்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்களே சந்தையிலோ கண்காட்சியிலோ விற்றால் முழு ₹140 கிடைக்கும். அதற்காக நேரடி விற்பனையில் ₹115 என்று விற்காதீர்கள். பக்கத்துத் தெருக் கடைக்காரர் அன்றைக்கே உங்கள் பாட்டிலை உள்ளே தள்ளிவிடுவார்.

பெரிய கம்பெனி ஊறுகாயோடு விலையில் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். நல்லெண்ணெயில் போடுவதை லேபிளில் தெளிவாக எழுதுங்கள். வாங்குகிறவர் அதற்குத்தான் கூடுதலாகக் கொடுக்கிறார்.

மாதம் முடிந்தது, கையில் ₹15,000 இருக்கிறது. இதைப் பிரித்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விதான் முக்கியம். பதில்: கூடாது. கையில் இருப்பது லாபம் இல்லை, விற்ற பணம். கணக்கை விரித்துப் பார்ப்போம்.

200 பாட்டிலில் 60ஐ நேரடியாக விற்றீர்கள், ₹8,400. கடைகளுக்கு 100 போட்டீர்கள். அதில் 60க்குப் பணம் வந்தது, ₹6,600. சேர்த்தால் அந்த ₹15,000. கடைகளில் 40 பாட்டில் பாக்கி நிற்கிறது. மாதிரியாகக் கொடுத்ததும் உடைந்ததும் 10. வீட்டில் இருப்பு 30.

போட்டது ₹16,000, வந்தது ₹15,000. பணத்தை மட்டும் பார்த்தால் நஷ்டம்போலத் தோன்றும். ஆனால் இருப்பும் பாக்கியும் இருக்கின்றன. அவற்றை விற்கும் விலையில் கணக்கிடாதீர்கள், அடக்க விலையில் மட்டும் எழுதுங்கள். இருப்பு 30 பாட்டில், ₹2,400. பாக்கி 40 பாட்டில், ₹3,200. கையிருப்போடு கூட்டினால் ₹20,600. அதில் போட்ட ₹16,000 போனால் ₹4,600. இன்றைய தேதியில் லாபம் அவ்வளவுதான்.

சரி, அந்த ₹4,600ஐயாவது பிரிக்கலாமா என்றால், அதுவும் இப்போது வேண்டாம். முதல் ₹18,000இல் செலவாகாமல் நின்றது ₹2,000. அதோடு ₹15,000 சேர்ந்து கணக்கில் ₹17,000 இருக்கும். ₹4,600ஐ எடுத்தால் மிஞ்சுவது ₹12,400. அடுத்த ஈட்டுக்கு ₹16,000 வேண்டும். கடனுக்கு ஓட வேண்டியதாகிவிடும். கூலியை மட்டும் அந்தந்த வாரமே கொடுத்துவிடுங்கள். லாபப் பங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பாக்கி வசூலான பிறகு பிரியுங்கள். கூலி கைக்கு வந்துகொண்டே இருந்தால் லாபத்துக்குக் காத்திருக்கப் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

அப்படியென்றால் லாபத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது? சமமாகவா, வேலைக்கு ஏற்றபடியா?

அதே ஈட்டை முடிவுவரை கொண்டுபோவோம். பாக்கி ₹4,400 வசூலாயிற்று. மீதி 30இல் 20 பாட்டில் கடைக்கு ₹2,200க்கும், 10 நேரடியாக ₹1,400க்கும் போயிற்று. மொத்த வரவு ₹23,000. போட்ட ₹16,000ஐக் கழித்தால் லாபம் ₹7,000.

முதலில் ₹2,200ஐக் காப்பு நிதியாகத் தனியே வையுங்கள். ஒரு ஈடு கெட்டால், மிக்சி பழுதானால், மாங்காய் விலை ஏறினால் இதுதான் கை கொடுக்கும். இதை யாரும் தொடக் கூடாது, உள்கடனாகக்கூட.

மீதி ₹4,800. இதைச் சரிபாதியாக வெட்டுங்கள். ₹2,400ஐ 12 பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ₹200. இது முதல் போட்டதற்கும், நஷ்டம் வந்தால் தாங்குவதற்கும். மற்ற ₹2,400ஐ 60 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு ₹40. இது வேலைக்கு.

பத்து மணி நேரம் உழைத்தவருக்குக் கூலி ₹500, சமபங்கு ₹200, உழைப்புப் பங்கு ₹400, ஆக ₹1,100. மூன்று மணி நேரம் வந்தவருக்கு 150, 200, 120 சேர்த்து ₹470. முதல் மட்டும் போட்டவருக்கு ₹200.

பாதிக்குப் பாதி என்பது சட்டம் இல்லை, என் அபிப்பிராயம். முழுக்கச் சமமாகப் பிரிக்கிற குழுவில் வேலைக்கு ஆள் குறைந்துகொண்டே வரும். முழுக்க வேலைக்கேற்பப் பிரித்தால், பிள்ளை பெற்றவரும் முழங்கால் வலிக்காரரும் இரண்டு காலாண்டில் விலகிவிடுவார்கள். அவர்கள் போட்ட முதலும் கூடவே போகும். எந்த விகிதமாக இருந்தாலும் முதல் மாங்காய் வாங்குவதற்கு முன் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் வந்தபின் பேசினால் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

விற்கிறவருக்குக் கமிஷன் கொடுக்கலாமா? அவர் அலைவதுதான் அதிகம் என்கிறார்.

அலைகிற நேரத்தைக் கூலியில் எழுதுங்கள், பஸ் கட்டணத்தைச் செலவில் எழுதுங்கள். அதற்கு மேல் கமிஷன் வேண்டும் என்று குழு முடிவு செய்தால், கடையில் போட்ட பாட்டிலுக்குக் கொடுக்காமல் வசூலான பணத்துக்குக் கொடுங்கள். போட்டதற்குக் கமிஷன் என்றால் கேட்கிற கடைக்கெல்லாம் சரக்கு இறங்கும், பணம் வராது.

ஒரு கடைக்கு 20 பாட்டிலுக்கு மேல் பாக்கி வேண்டாம். பழைய பணம் வந்தால்தான் புதுச் சரக்கு. சொந்தக்காரர் கடை என்றாலும் இதுதான். சொல்லப்போனால் அங்கேதான் இந்த விதி அதிகம் தேவைப்படும்.

உறுப்பினர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

ஈட்டுக்கு ஆளுக்கு இரண்டு, அடக்க விலை ₹80க்கு, நோட்டில் எழுதிவிட்டு. சும்மா எடுப்பது வேண்டாம்.

ஒரு ஈடு கெட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு? யார் கவனக்குறைவோ அவர்தானே கொடுக்க வேண்டும்?

குழுவுக்குத்தான், காப்பு நிதியிலிருந்து. தனி ஆள் தலையில் கட்டினால் அடுத்த தடவை தப்பு நடந்தாலும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், கெட்ட பாட்டில் கடைக்குப் போய்விடும். அது இன்னும் பெரிய செலவு.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ படலம் கட்டினால் ஈரம் பட்டிருக்கிறது, அல்லது எண்ணெய் இறங்கித் துண்டு வெளியே தெரிகிறது. மூடி உப்பியிருந்தால், திறக்கும்போது காற்று சீறினால், உள்ளே நொதிக்கிறது. பெரும்பாலும் உப்புக் குறைவு, அல்லது ஊறுவதற்கு முன் அடைத்த அவசரம். துண்டு குழைந்திருந்தால் காய் பழுத்திருக்கும். படலத்தை வழித்துவிட்டு மீதியை விற்கக் கூடாது. முழு பாட்டிலையும் கொட்டுங்கள், அதே பேட்ச் எண் உள்ள மற்றவற்றையும் திறந்து பாருங்கள். இதற்காகவே ஒவ்வொரு ஈட்டிலும் நான்கைந்து பாட்டில்களை விற்காமல் அலமாரியில் வைத்து மாதாமாதம் பார்ப்பது நல்ல பழக்கம். மாதிரிக் கணக்கில் எழுதிவிடலாம்.

பூண்டு ஊறுகாய்க்கு மட்டும் தனி எச்சரிக்கை. மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் இயல்பிலேயே புளிப்பு உண்டு, பூண்டுக்கு இல்லை. புளிப்பில்லாத பூண்டு எண்ணெய்க்குள் காற்றில்லாமல் கிடந்தால் உயிருக்கு ஆபத்தான நச்சை உண்டாக்கும் கிருமி வளரலாம், வாசனையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதிய அளவு சேர்த்து, அமிலத்தன்மை காட்டும் தாளில் அளவு 4.6க்கு நன்றாகக் கீழே இருப்பதைப் பார்த்த பிறகே அடையுங்கள். பழகாத குழு பூண்டில் தொடங்க வேண்டாம்.

லைசென்ஸ் வேண்டுமா? லேபிளில் என்ன போட வேண்டும்?

வேண்டும். வீட்டிலேயே செய்தாலும், குழுவாகச் செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. சிறு உற்பத்தியாளருக்கான பதிவை foscos.fssai.gov.in தளத்தில் செய்யலாம். 14 இலக்க எண் கிடைக்கும், அதை லேபிளில் அச்சடிக்க வேண்டும்.

அதோடு பொருளின் பெயர், சேர்மானங்கள் அதிக எடையிலிருந்து குறைந்த எடை வரிசையில், நிகர எடை, வரிகள் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, குழுவின் முகவரி, பச்சை நிறச் சைவக் குறி ஆகியவை வர வேண்டும். தேதியையும் பேட்ச் எண்ணையும் அச்சகத்தில் அடித்துவிடாதீர்கள். இடம் விட்டு, ஒவ்வொரு ஈட்டுக்கும் ரப்பர் ஸ்டாம்பால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மிச்சமான லேபிள் எல்லாம் குப்பைக்குத்தான்.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ‘மதி’ பெயரில் விற்க விரும்பினால், உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வழியாக வட்டார அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே சரக்குக் கொடுத்தாலும் பாக்கிக் கணக்கு மேலே சொன்னதுதான்: பணம் வரும்வரை அடக்க விலை.

நடுவில் ஒருவர் விலகினால்?

போட்ட ₹1,500ஐ அடுத்த காலாண்டுக் கணக்கு முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். அதுவரைக்கான லாபப் பங்கும் உண்டு. காப்பு நிதியில் பங்கு கிடையாது. புதிதாக வருபவர் ₹1,500 போட்டால் அடுத்த ஈட்டிலிருந்துதான் கணக்கு.

மாங்காய்க் காலம் முடிந்தால் என்ன செய்வது?

ஏப்ரல் முதல் ஜூன் வரை மாங்காய் மலிவு. துண்டுகளை உப்பில் கூடுதலாக ஊறவைத்துப் பீப்பாயில் வைத்துக்கொண்டால், மசாலாவையும் எண்ணெயையும் தேவைப்படும்போது சேர்த்து மாதாமாதம் சிறு ஈடாகப் போடலாம். எண்ணெய்க்கும் பாட்டிலுக்கும் மொத்தப் பணமும் ஒரே மாதத்தில் முடங்காது என்பதுதான் இதில் லாபம். உப்பில் கிடந்த துண்டை அப்படியே கலந்தால் கரிக்கும், உப்பைத் திரும்ப எடை போட வேண்டியிருக்கும். பீப்பாயில் இருக்கும் துண்டையும் காலாண்டுக் கணக்கில் அடக்க விலைக்கு எழுத மறக்காதீர்கள். கிலோ ₹60 விழும், மாங்காய் ₹40 என்பதால் ₹40 என்று எழுதிவிட வேண்டாம், கொட்டை போன எடையை நினைவில் வையுங்கள். உப்பும் வெட்டுக்கூலியும் அதற்கு மேல்.

நடுவில் எலுமிச்சை, நார்த்தை, நெல்லி போடலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம், தனி அடக்க விலை. மாங்காயில் வந்த லாபம் நெல்லியில் போன நஷ்டத்தை மறைத்துக்கொண்டே இருந்தால், எதை நிறுத்த வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.